காலை ஆறு மணி மல்லிகை மணக்கக் கூடாது

வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பூ கொண்டுவந்து தரும் திட்டத்துக்கு விளம்பரம் எழுதச் சொன்னால், பேனா தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. “இன்று பறித்த, மணம் கமழும் மல்லிகை, காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று வாக்குறுதிகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே காலையில் உண்மையாக இருக்க வழியில்லை. மல்லிகையைப் பூவாகப் பறிப்பதில்லை, மொட்டாகவே பறிக்கிறார்கள். விடிவதற்கு முன்னால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நன்றாக வெளுத்துத் திரண்ட மொட்டுகளை மட்டும் பார்த்துக் கிள்ளுகிறார்கள். அந்த மொட்டு அன்று மாலை இருட்டுகிற நேரத்தில்தான் விரியத் தொடங்கும். வாசமும் அப்போதுதான் வரும். பறித்த சூட்டில் மூக்கருகே கொண்டுபோனால் பச்சை வாடை தவிர அதிகம் ஒன்றும் இராது. நாகர்கோவில்காரர்கள் தலைக்கு வைக்க ஆசைப்படும் பிச்சிக்கும் ஏறத்தாழ இதுதான் கதை. அடிப்புறம் இளஞ்சிவப்பு ஓடிய அந்த நீள மொட்டும் பொழுது சாய்ந்த பிறகே வாய் திறக்கும். எனவே காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் கமகமவென்று மணக்கிற மல்லிகை, நேற்று விடியலில் பறித்து நேற்று இரவே மலர்ந்துவிட்ட பூ. இன்று பறித்ததாக இருந்தால் அது மணக்கக் கூடாது.

இதைக் குற்றம் கண்டுபிடிக்கும் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று மலர்ந்த பூ கெட்ட பூ ஆகிவிடாது. காலைப் பூஜைக்கு அது போதும். சிக்கல் ‘புத்தம் புதிய’ என்ற சொல்லில் இருக்கிறது. பூ வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது. மணிக்கு அளவு உண்டு. வாராந்தரப் பூத் திட்டம் விற்கிறவர் அடைமொழியை விட்டுவிட்டு மணியைச் சொல்ல வேண்டும், எந்தப் பூவை எந்த நாள் எந்த வேளையில் பறித்தது என்று பூவாரியாகச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். குமரி மாவட்டத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் சற்றுத் தூரத்திலேயே தோவாளைச் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தையின் கடிகாரம் தெரிந்தவர்கள் இங்கே வீதிக்கு வீதி இருக்கிறார்கள். அவர்களிடம் மேலே சொன்ன வரியைக் காட்டினால் சிரிப்பார்கள்.

தோவாளைச் சந்தை ஊர் உறங்கும்போதே தொடங்கிவிடும். அங்கே இறங்கும் பூக்களுக்கு ஒரே வயது கிடையாது. செவ்வந்தியும் ரோஜாவும் ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து வருகின்றன; ஏறத்தாழ 600 கிலோமீட்டர் பயணம். மல்லிகை மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்தும் வருகிறது. இவை எல்லாம் முந்தைய நாள் பறித்து, மாலையிலோ இரவிலோ வண்டி ஏறியவை. ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர், தோவாளை என்று அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் அன்று விடியலில் பறித்த பிச்சியும் மல்லியும் அதற்குப் பிறகுதான் சந்தைக்கு வந்து சேரும். வெளியூர் லாரிப் பூ முதலில், உள்ளூர் மொட்டு பின்னால். அதிகாலை நான்கு மணிக்குக் கூடையை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவரும், நன்றாக விடிந்த பிறகு வாங்குகிறவரும் ஒரே சந்தையில் வாங்கினாலும் ஒரே வயதுப் பூவை வாங்குவதில்லை.

சந்தாப் பூ நமக்கு அயலான ஏற்பாடும் அல்ல. தெருவுக்கு ஒரு பூக்காரி, வீட்டுக்கு இத்தனை முழம், மாசக் கணக்கு, வெள்ளிக்கிழமை கூடுதல் என்ற ஏற்பாடு எத்தனையோ காலமாக நடக்கிறது. அதைக் கம்பெனி ஆக்கியவர்களில் நன்கு அறியப்பட்டது பெங்களூரில் 2019இல் யசோதா கருதூரி, ரியா கருதூரி என்ற சகோதரிகள் தொடங்கிய ‘ஹூவு ஃபிரெஷ்’. ரோஜாப் பண்ணைத் தொழில் தெரிந்த குடும்பத்திலிருந்து வந்த அவர்கள், பொக்கே விற்கும் கூட்டத்தோடு மோதாமல், பூஜைக்கு உதிரிப்பூ என்ற பக்கம் திரும்பினார்கள். பூவை வகைவாரியாகப் பிரித்து, பெட்டியில் அடைத்து, ஏற்கெனவே விடிகாலையில் பால் பாக்கெட்டோடு வீடு வீடாகப் போகும் செயலி நிறுவனங்களின் வண்டியிலும் ஏற்றினார்கள். இதில் உள்ள புத்திசாலித்தனம் கவனிக்கத்தக்கது. நேரம் தவறாமையை அவர்கள் பூவுக்காகத் தனியாக உருவாக்க வேண்டியிருக்கவில்லை. பாலுக்காக வேறொருவர் உருவாக்கி வைத்திருந்ததில் பூ தொற்றிக்கொண்டது. பூவுக்கென்று மட்டும் ஒரு வண்டியை அந்த நேரத்தில் ஓட்டினால் கட்டுப்படி ஆவது கடினம்.

ஆனால் பூக்காரியிடம் இருந்த ஒன்று பெட்டிக்குள் வராது. அவர் கூடையைத் திறந்து காட்டுவார். நாம் ஒரு மொட்டை எடுத்துக் காம்பைப் பார்ப்போம், ஈரத்துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு கை விட்டுப் பார்ப்போம், “இது நேத்திக்குள்ளது தானே” என்று கேட்போம், அவரும் விலையைக் கொஞ்சம் குறைப்பார். சந்தாவில் பணம் முன்கூட்டியே போய்விடுகிறது. பூ மூடிய பொட்டலத்தில் வருகிறது. கொண்டுவருகிற பையனுக்கு அது எப்போது பறித்தது என்று தெரியாது. கண்ணும் கையும் செய்த வேலையை விளம்பர வாசகமும் பொட்டலத்தின் மேலுள்ள சீட்டும் செய்தாக வேண்டும். அங்கே போய் ‘புத்தம் புதிய’ என்று எழுதினால், வாங்குகிறவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் தராததற்குச் சமம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வடசேரி, கோட்டாறு பகுதியில் நாற்பது வீடுகள். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குள் எல்லா வீட்டுக்கும் பூ போய்விட வேண்டும். வீட்டுக்கு இரண்டு முழம் கட்டிய மல்லிகையும் ஒரு பொட்டலம் உதிரிப்பூவும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவில் மாட்டிவிட்டுத் திரும்ப மூன்று நிமிடம் என்று வைத்தால் நாற்பது வீட்டுக்கு இரண்டு மணி நேரம். இரண்டு பேர் போனால் ஒரு மணி நேரம். ஆகவே ஐந்தரைக்குப் பொட்டலங்கள் வண்டியில் இருக்க வேண்டும். இனி, கட்டுகிற வேலை. கை தேர்ந்த ஒருவர் ஒரு முழத்தை ஐந்து நிமிடத்தில் கட்டுகிறார் என்று கொண்டால், எண்பது முழத்துக்கு நானூறு நிமிடம். நான்கு பேர் உட்கார்ந்தாலும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். உதிரியைப் பிரித்து எடை போட்டுக் கட்ட இன்னும் கொஞ்ச நேரம். பூ மூன்றரை மணிக்கெல்லாம் வேலை நடக்கும் இடத்துக்கு வந்திருக்க வேண்டும், அதாவது மூன்று மணிக்குச் சந்தையில் வாங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளூர்த் தோட்டத்து மொட்டு செடியிலேயே இருக்கும். வாங்கக் கிடைப்பது நேற்று பறித்து வண்டியில் வந்த மல்லிகை. கட்டுவதற்குள்ளாகவே அது விரிந்திருக்கும். இரவிலேயே கட்டி வைத்துவிடலாம் என்றாலும் அதே நேற்றைய பூதான். கட்டிய மல்லிகை, ஆறரை மணி, இன்று பறித்தது ஆகிய மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் கொடுக்கலாம், மூன்றாவது கைநழுவும்.

எதை விடுவது என்பது வீட்டின் தேவையைப் பொறுத்தது. காலைப் பூஜைக்குச் சாமி படத்தில் வைக்க வேண்டுமானால் நேரத்தை விடக் கூடாது. பூஜை முடிந்து அலுவலகம் கிளம்பிய பிறகு எட்டரைக்கு வருகிற பூ எவ்வளவு இளசாக இருந்தாலும் அந்த வீட்டுக்குப் பிரயோசனமில்லை. அங்கே அரளி, கேந்தி, செவ்வந்தி, துளசி போதும். இவற்றில் கேந்தியும் செவ்வந்தியும் ஒரு நாள் பழையதாவதால் பெரிதாகக் குறைந்துவிடாது. தலைக்கு வைக்க என்றால் மல்லிகையைக் காலையில் கொடுப்பதே தப்பு. விடியலில் பறித்த உள்ளூர் மொட்டை அவசரமில்லாமல் முற்பகலில் கட்டி, மாலை நான்கு, ஐந்து மணிக்குக் கொடுத்தால், வீட்டுக்குப் போன பிறகு அது விரியும். அந்த மணத்துக்குத்தான் மக்கள் காசு கொடுக்கிறார்கள். விடிகாலைப் பூ என்று பெயர் வைத்துவிட்டோமே என்பதற்காக மல்லிகையையும் விடிகாலைக்குள் திணிப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் முதல் தவறு.

‘வாராந்தரம்’ என்பதிலும் இதே போன்ற ஒரு வழுக்கல் இருக்கிறது. வாரம் ஒருமுறை கொண்டுவந்து தருவது வேறு, ஒரு வாரத்துக்குப் பூ தருவது வேறு. விளம்பரம் பெரும்பாலும் இரண்டையும் குழப்பிவிடுகிறது. மல்லிகையும் பிச்சியும் விரிந்த மறுநாளே ஓரம் பழுத்துவிடும். அரளி இரண்டாம் நாளில் துவளும். செவ்வந்தி குளிரில் வைத்தால் சில நாள் நிற்கும். தாமரையை மொட்டாக வாங்கித் தண்ணீரில் வைத்தால் சமாளிக்கலாம். வாடாமல்லியைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரே பொட்டலத்தில் இத்தனை ஆயுள்கள் இருக்கும்போது, மேலே ஒரே சொல்லாக ‘ஏழு நாளும் புதிது’ என்று அச்சடித்தால் வாடாமல்லிக்கு உண்மை, மல்லிகைக்குப் பொய். வெள்ளி, சனிக்கு இவை, செவ்வாய் வரைக்கும் இவை என்று இரண்டு பொட்டலமாகப் பிரித்துக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கும் எதை முதலில் எடுப்பது என்று தெரியும்.

குளிர்பதன வசதி வந்துவிட்ட காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பறித்த பிறகும் பூ மூச்சு விடுகிறது, தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை எரிக்கிறது. சாக்குக்குள் அமுக்கிக் கட்டிய மல்லிகைக்குள் கையை விட்டால் சூடு தெரிவது அதனால்தான். குளிர் அந்த எரிப்பை மெதுவாக்கும். விரிவதையும் தள்ளிப்போடும். எத்திலீன் என்ற வாயு பூவை வாட வைக்கிறது; அதைத் தடுக்கும் பொட்டலமுறையால் பூ கூடுதல் நாள் நிற்கிறது என்று ஹூவு நிறுவனம் சொல்கிறது. இவை எல்லாம் மெய்யான உதவிகள். ஆனால் குளிர் நேரத்தை மெதுவாக்குமே தவிர, முள்ளைத் திருப்பி வைக்காது. முப்பது மணி நேரம் குளிரில் இருந்த மொட்டு நாகர்கோவில் காற்றுக்கு வந்ததும் மேலெல்லாம் வேர்க்கும். கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். அந்த வேர்வை மூடிய உறைக்குள் நின்றால் இதழ் கண்ணாடி போல் ஆகி, பிறகு பழுப்பாகும். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் கிடைக்கும் மாவட்டம் இது. நனைந்த பூவைத் துடைக்காமல் உறையில் போட்டாலும் இதே கதிதான். பொட்டலத்தின் உட்புறம் நீர்முத்துகள் கோத்திருந்தால், பூ குளிரிலிருந்து வந்திருக்கிறது அல்லது நனைந்து வந்திருக்கிறது என்று பொருள். உடனே பிரித்து, ஒரு மெல்லிய துணியில் பரப்பிவிட வேண்டும். விளம்பரத்தில் இடம் இல்லாவிட்டால் சீட்டிலாவது இதை எழுதலாம்.

சீட்டில் எழுத வேண்டிய இன்னொன்று வாழைப்பழம். பழுக்கிற பழம் எத்திலீனை வெளியே விடும். நம் பூஜை அறையில் மட்டிப்பழச் சீப்பும் பூத்தட்டும் அருகருகேதான் இருக்கும், அல்லது இரண்டும் ஃபிரிட்ஜின் ஒரே தட்டில் கிடக்கும். கம்பெனி எவ்வளவு செலவழித்து வாயுவைத் தடுத்து அனுப்பினாலும், பொட்டலத்தைப் பிரித்துப் பழத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு மறுநாள் பூ வாடிவிட்டது என்று வாடிக்கையாளர் புகார் செய்வார். பூஜைக்கு வைக்கும்போது சேர்த்து வைக்கட்டும், பத்திரப்படுத்தும்போது பழமும் பூவும் தனித்தனி என்று ஒரு வரி எழுதினால் அந்தப் புகார்களில் சில தானாகக் குறையும்.

அடுத்த எதிர்ப்பு விளம்பரத் தொழிலிலிருந்தே வரும். விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகை இருக்கத்தான் செய்யும், பறித்த மணியெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள் என்பது. ‘உள்ளம் கவரும்’ என்று எழுதுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள், அது ரசனை. ‘இன்று பறித்த’ என்பது ரசனை அல்ல, சரிபார்க்கக்கூடிய தகவல். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள், மேலே பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டுக் கீழே பொறுப்புத் துறப்பில் அதை மறுக்கக் கூடாது என்கின்றன. உணவுப் பொருளுக்கு ‘ஃபிரெஷ்’ என்ற சொல்லை எப்போது பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்திருக்கின்றன. கழுவுவது, உரிப்பது, குளிர்விப்பது, நறுக்குவது போன்றவற்றுக்கு மேல் எதுவும் செய்திருக்கக் கூடாது. பூ உணவு இல்லை என்பதால் அந்த விதி இதற்குப் பொருந்தாது. வரையறை இல்லாத இடத்தில் விற்கிறவர் தாமே ஒரு வரையறையைச் சொல்லிவிடுவது அவருக்குத்தான் பாதுகாப்பு. படிப்பார்களா என்ற கேள்விக்கு, மணிகளைப் போல வேகமாகப் படிக்கப்படுவது எதுவும் இல்லை என்பதே பதில். பேருந்து அட்டவணையை யாரும் நீளம் என்று ஒதுக்குவதில்லை.

இடப்பெயரிலும் எச்சரிக்கை தேவை. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரளியையும் பச்சையையும் கொண்டு மாணிக்கக் கல் பதித்தது போலத் தட்டையாக நெய்யும் கைவேலைக்கு வந்த பெருமை அது. சந்தையில் விற்கிற எல்லாப் பூவுக்கும் அந்தக் குறியீடு வந்துவிட்டது போல ‘குறியீடு பெற்ற தோவாளைப் பூ’ என்று எழுத ஆசை வரும். ஓசூர் செவ்வந்தி தோவாளையில் கைமாறியதால் தோவாளைச் செவ்வந்தி ஆகிவிடாது. ‘தோவாளைச் சந்தையில் வாங்கியது’ என்றால் உண்மை. ‘ஆரல்வாய்மொழித் தோட்டத்துப் பிச்சி’ என்று எழுத வேண்டுமானால், அதை அந்தத் தோட்டத்தில்தான் வாங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் வாசகம் எப்படி இருக்கும்? காலைப் பெட்டிக்கு இப்படி எழுதலாம்: “வெள்ளி காலை 5.30க்கும் 6.30க்கும் இடையில். அரளி, கேந்தி, செவ்வந்தி, துளசி. வியாழன் பறித்தவை, வெள்ளி அதிகாலை தோவாளைச் சந்தையில் வாங்கியவை. 6.30 தாண்டினால் அந்த வாரத்துக்குப் பணம் வேண்டாம்.” மாலைச் சரத்துக்கு: “வெள்ளி விடியலில் பறித்த பிச்சி. மாலை 5 மணிக்கு மொட்டாக வரும், ராத்திரி உங்கள் வீட்டில் விரியும். கையில் வாங்கும்போதே விரிந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.” இவற்றில் ஓர் அடைமொழி கூட இல்லை. ஆனாலும் இரண்டாவது வாசகம் விற்கும்; ஏனென்றால் வாங்குகிறவருக்கு ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுத்து, அதில் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறது. மொட்டு மூடியிருக்கிறதா, காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த வீட்டில் இந்த வாசகம் வேலை செய்யும். குமரி மாவட்டத்தில் அப்படிப் பார்க்கத் தெரியாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஆறு மணிக்கு’ என்று ஒற்றை மணியைச் சொல்லாமல் ஒரு மணி நேர இடைவெளியைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நாற்பது வீட்டுக்கும் ஒரே நிமிடத்தில் யாரும் போக முடியாது. முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் உள்ள தூரத்தை மறைப்பதை விடச் சொல்லிவிடுவது நல்லது.

எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் விலை என்ற இடத்தில் வாசகம் தடுமாறும். சந்தாவுக்கு மாதம் முழுக்க ஒரே தொகை. தோவாளையில் விலை நாளுக்கு நாள் மாறும். மார்கழிக் குளிரில் மல்லிகை வரத்து சுருங்கும். தை முகூர்த்தங்களிலும் பொங்கலை ஒட்டியும் பிச்சியும் மல்லியும் கிலோ ஆயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டிப் போகும். ஓணம் வந்தால் கேரள வியாபாரிகள் சந்தையையே வாரிக்கொண்டு போவார்கள். அந்த நாட்களில் சந்தா நடத்துகிறவர் நஷ்டத்துக்கு வாங்க வேண்டும், அல்லது மல்லிகைக்குப் பதில் வேறொன்றைச் சத்தமில்லாமல் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டாவதுதான் வழக்கமாக நடக்கும். சந்தாவை நிறுத்துகிறவர்களும் அந்த வாரத்தில்தான் நிறுத்துவார்கள். ஆண்டில் விலை எகிறும் வாரங்கள் எவை என்பது பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே முன்கூட்டித் தெரியும். அந்த வாரங்களின் பட்டியலைச் சேரும்போதே கொடுத்து, அப்போது மல்லிகை வராது, செவ்வந்தியும் தாமரையும் வரும், வேண்டாதவர்களுக்கு அந்த வாரத் தொகை அடுத்த மாதத்தில் கழியும் என்று எழுதிவிடலாம். ஓணத்துக்கு முந்தைய மூன்று நாட்கள் சேவையே கிடையாது என்று வெளிப்படையாக அறிவிக்கிற துணிவும் ஒரு விற்பனையாளருக்கு வேண்டும். அந்த மூன்று நாளும் தெருவில் வருகிற பூக்காரியிடம், அவர் சொல்கிற விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும்.